எம்.ஜி.ஆர். பிறந்தது எங்கே? கண்டியில் ஒரு சினிமா வினாவிடைப் போட்டி கற்றுத்தந்த கணக்கு

கேள்வி மிகச் சாதாரணமானது. "எம்.ஜி.ஆர். பிறந்த ஊர் எது?" ஓர் அணி கண்டி என்றது. அடுத்த அணி நாவலப்பிட்டி என்றது. நடுவராக இருந்தவரின் தாளில் கண்டி என்று எழுதியிருந்ததால் முதல் அணிக்குப் புள்ளி போனது. நாவலப்பிட்டியிலிருந்து வந்திருந்த உத்தியோகத்தர் ஒருவர் எழுந்து, தன் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விடயத்தை இங்கே பிழை என்கிறீர்களே என்று கேட்டார். நாவலப்பிட்டியும் கண்டி மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஆக இரண்டு விடையும் சரி. ஆனால் ஒன்றுக்குத்தான் புள்ளி. அன்றைய போட்டி அந்த இடத்திலேயே பாதி முடிந்துவிட்டது.

அரச உத்தியோகத்தர்கள் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெறுவதற்காகக் கண்டியில் வார இறுதியில் நடந்த வகுப்பு அது. ஓர் அறையில் நாங்கள் சிங்களம் படித்தோம். பக்கத்து அறையில் சிங்கள உத்தியோகத்தர்கள் தமிழ் படித்தார்கள். ஆண்டு முடிவில் இரு அறைகளும் சேர்ந்து ஒன்றுகூடல் வைக்கும்போது, எல்லோருக்கும் பொதுவாக இருக்கக்கூடியது சினிமாதான் என்று முடிவெடுத்து வினாவிடை வைத்தோம். 32 பேர், எட்டு அணிகள், 24 கேள்விகள். கேள்விகளைத் தயாரித்த மூவரில் நானும் ஒருவன். அதனால் அந்தக் குழப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டு மறுபடி வைத்தபோது எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வகுப்பிலோ நண்பர்களுக்குள்ளோ இப்படி ஒன்றை நடத்த நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவலாம்.

முதலில் நாங்கள் செய்தது, பழைய 24 கேள்விகளையும் ஒரு தாளில் கட்டம் போட்டு அடுக்கிப் பார்த்ததுதான். மேலே மொழிகள், பக்கத்தில் காலங்கள். 14 கேள்விகள் தமிழ்நாட்டுப் படங்கள் பற்றியவை. ஐந்து சிங்களம், மூன்று ஹிந்தி, இரண்டு ஆங்கிலம். இலங்கைத் தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை. காலத்தைப் பார்த்தால் 15 கேள்விகள் 1990க்கும் 2009க்கும் இடைப்பட்டவை. கேள்வி போட்ட மூவரும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். எங்களுக்குப் பிடித்த படங்களைத்தான் கேட்டிருக்கிறோம். கேட்கும்போது அது தெரியவில்லை, கட்டம் போட்டபோதுதான் தெரிந்தது.

அந்த 15 கேள்விகளில் ஒன்றுக்கும் விடை சொல்லாத ஓர் அக்கா இருந்தார். கிளிநொச்சிக்காரர், திருமணத்துக்குப் பிறகு கண்டிக்கு வந்தவர். கெட்டிக்காரி. வகுப்பில் சிங்களப் பரீட்சையில் எப்போதும் முதலில் நிற்பவர். பிறகு கேட்டபோது சிரித்தபடி சொன்னார்: "அந்த நேரம் எங்களுக்குக் கரண்டே இல்லைத் தம்பி. படம் பாக்கிறதெண்டால் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுக்கோணும். மண்ணெண்ணெய் விக்கிற விலைக்கு ஆர் எடுக்கிறது?" ஆனால் அறுபதுகளின் பாடல் ஒன்று ஒலித்தால், முதல் இசைத்துண்டிலேயே படத்தின் பெயரையும் பாடியவரின் பெயரையும் சொல்லிவிடுவார். அப்பாவின் றேடியோ சைக்கிள் டைனமோவில் ஓடியதாம். யாராவது பெடலை மிதிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்களாம். அவருக்குச் சினிமா காதால் வந்தது. நாங்கள் கேட்டதெல்லாம் கண்ணால் பார்த்தவர்களுக்கான கேள்விகள்.

இதை யோசித்த பிறகு, காலத்தைப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரிப்பதை விட்டோம். படம் மனிதர்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதை வைத்துப் பிரித்தோம். 1960 வரை ஒன்று. 1961 முதல் 1982 வரை இன்னொன்று: தியேட்டரும் வானொலியும் ஓங்கியிருந்த காலம். ரூபவாஹினி 1982இல்தான் வந்தது. 1983 முதல் 2009 வரை மூன்றாவது. இந்தக் காலத்தில் கொழும்பில் இருந்தவர் பார்த்த சினிமாவும் வன்னியில் இருந்தவர் பார்த்த சினிமாவும் ஒன்றல்ல. தோட்ட லயத்தில் இருந்தவருடையது அது இரண்டிலும் வேறானது. 2009க்குப் பிறகு நான்காவது. மூன்றாவது காலத்தில் இருந்து கேள்வியே கேட்கக்கூடாது என்பதல்ல. அதில் கேள்விகளைக் குவித்தால் போட்டி அறிவைச் சோதிக்காது, யார் எங்கே இருந்தார் என்பதைத்தான் சோதிக்கும்.

கட்டம் போட்டவுடன் இன்னொரு ஆசை வரும். எல்லாக் கட்டத்தையும் சமமாக நிரப்பிவிட்டால் நியாயம் வந்துவிடும் என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. நான்கு காலம், ஆறு மொழிப் பிரிவு, 24 கட்டம், 24 கேள்வி. அழகான கணக்குத்தான். ஆனால் 1960க்கு முந்திய இலங்கைத் தமிழ்ப் படம் என்ற கட்டத்தில் எதைப் போடுவது? அப்படி ஒரு படமே இல்லை. 'சமுதாயம்' வந்தது 1962இல். சில கட்டங்களில் படங்கள் உண்டு, ஆனால் அறையில் ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். அங்கே வலிந்து ஒரு கேள்வி போட்டால் அது எல்லோருக்கும் பூச்சியம்தான். எனவே சமம் வேண்டாம், ஒரு பக்கம் சாயாமல் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். இரண்டாம் ஆண்டுத் தாளில் தமிழ்நாடு ஏழு, சிங்களம் ஆறு, இலங்கைத் தமிழ் மூன்று, ஹிந்தி மூன்று, ஆங்கிலம் மூன்று, ஏனைய மொழிகள் இரண்டு. படத்தின் வகையையும் ஓரத்தில் குறித்துக்கொண்டோம். முதலாண்டுத் தாளில் காதல் படமும் கதாநாயகப் படமும்தான் இருந்தன. ஒரு நகைச்சுவைப் படம்கூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதனால் 1976இல் வந்த 'கோமாளிகள்' உள்ளே வந்தது. வானொலி நாடகமாகப் பேர்பெற்றுப் பிறகு படமானது அது. காதால் சினிமா அறிந்தவர்களுக்கும் அதில் வழி இருந்தது.

இனி எம்.ஜி.ஆருக்கு வருவோம். அந்தக் கேள்வி எளிது, உள்ளூருக்கும் பொருத்தமானது. விடை ஒன்றாக இல்லை என்பதுதான் அதன் குறை. சினிமாக் கேள்விகளில் இந்த வில்லங்கம் அதிகம் இருப்பது "முதல்" என்ற சொல்லில். இலங்கையின் முதல் தமிழ்ப் படம் எது என்று கேளுங்கள். 1962இல் வந்த 'சமுதாயம்' என்பார் ஒருவர். 1963இல் வந்த 'தோட்டக்காரி' என்பார் இன்னொருவர். முன்னது 16 மில்லிமீற்றர் படம். பின்னது வழக்கமான 35 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்டது. எதை முழுமையான படம் என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். சிங்களத்திலும் இதே கதைதான். முதல் சிங்களப் பேசும்படம் 1947இல் வந்த 'கடவுனு பொரொந்துவ'. அதைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர், எடுக்கப்பட்டது தென்னிந்தியாவில். அதனால், ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து இந்த மண்ணில் எடுக்கப்பட்ட லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956) தான் உண்மையான தொடக்கம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நடுவரின் தாளில் ஒரு பெயர் மட்டும் இருந்தால் சண்டை நிச்சயம்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சரியான விடைகளை எல்லாம் தாளில் முன்கூட்டியே எழுதி, எதற்கும் புள்ளி கொடுப்பது. மற்றது, கேள்வியையே திருப்பிப் போடுவது: "1947இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும்படத்தைத் தயாரித்தவரின் தாய்மொழி எது?" இப்போது விடை ஒன்றுதான். படத்தின் பெயர் தெரியாதவரும் யோசித்துப் பார்க்கலாம். கேட்பதில் ஏதோ விசேடம் இருக்கவேண்டும் என்று ஊகித்துத் தமிழ் என்று எழுதிய அணிகள் இருந்தன. அந்த ஊகத்துக்குப் புள்ளி கொடுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. வெளிவந்த ஆண்டைக் கேட்பதை மட்டும் அடியோடு விட்டுவிட்டோம். எடுத்த ஆண்டு, தணிக்கையான ஆண்டு, திரையிட்ட ஆண்டு என்று பட்டியலுக்குப் பட்டியல் மாறும். ஆண்டைக் கேள்விக்குள் துப்பாக வைக்கலாம், விடையாக வைக்கக்கூடாது.

விடை தெரியாதவருக்கும் யோசித்து நெருங்க ஒரு வழி இருக்கவேண்டும். இதைச் செய்ய நல்ல முறை, ஒரே கேள்விக்கு மூன்று துப்புகளைக் கடினத்திலிருந்து எளிமைக்கு வரிசையாகச் சொல்வது. முதல் துப்பிலேயே எழுதிக் கொடுத்தால் மூன்று புள்ளி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. நாங்கள் போட்ட ஒன்றைச் சொல்கிறேன். முதல் துப்பு: 1984இல் 'சசர சேத்தனா' என்ற படத்தை இயக்கிய நடிகை. இரண்டாவது: லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய'வில் காமினி பொன்சேகாவுடன் நடித்தவர். மூன்றாவது: இலங்கையில் எடுக்கப்பட்ட 'பைலட் பிரேம்நாத்'தில் சிவாஜி கணேசனுடன் நடித்தவர். விடை மாலினி பொன்சேகா.

தாளில் பார்த்தால் ஒழுங்கான கேள்வி. வாசித்துப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. சிங்களவருக்கு முதல் துப்பே போதும். தமிழர் மூன்றாவது வரை காத்திருக்கவேண்டும். கடினம் என்பது கேள்வியில் இல்லை, கேட்பவர் எங்கிருந்து வந்தார் என்பதில் இருக்கிறது. கேள்வியை எறிய மனமில்லை. அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாயும் ஒரு சோடிக் கேள்வியைத் தயாரித்தோம். முதல் துப்பு: மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த ஒளிப்பதிவாளர், இயக்குநர். இரண்டாவது: இவர் இயக்கிய முதல் படம் கன்னடத்தில் வந்த 'கோகிலா'. மூன்றாவது: கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் நடித்த ஹிந்திப் படம் 'சத்மா'வை இயக்கியவர். தமிழர் முதல் துப்பிலேயே பாலு மகேந்திரா என்று எழுதிவிடுவர். சிங்கள நண்பர்களுக்கு ஹிந்திப் படம் நன்றாகத் தெரியும், அவர்கள் மூன்றாவதில் பிடிப்பார்கள். 'மூன்றாம் பிறை'யைத்தான் அவர் 'சத்மா'வாக மீண்டும் எடுத்தார் என்று அறிந்தபோது, தமிழ் படிக்கும் அறையிலிருந்து வந்த ஒருவர், தான் சின்ன வயதில் அழுதுகொண்டு பார்த்த படம் மட்டக்களப்பு ஆளுடையதா என்று வியந்தார். இப்படிச் சாயும் கேள்விகளைச் சோடி சோடியாக வைத்தால் மொத்தத்தில் சாய்வு கழிந்துபோகிறது.

உள்ளூரைத் தொட்ட கேள்விகளுக்கு எப்போதும் வரவேற்பு உண்டு. 1983இல் கண்டிப் பக்கத்தில் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 'இன்டியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' படத்தை எடுத்தார். கதை நடப்பது வேறொரு நாட்டில், ஆனால் படத்தில் கிராமத்தவர்கள் சிங்களம் பேசுகிறார்கள். கதை நடக்கும் நாடு எது என்று கேட்டோம். படம் பார்க்காதவர்களும் யோசித்து இந்தியா என்று எழுதினார்கள். இந்திய அரசு கதையில் மாற்றம் கேட்டதால் படப்பிடிப்பு இங்கே வந்தது என்ற விளக்கத்தை விடை சொல்லும்போது சேர்த்துக்கொண்டோம். விடைக்குப் பின்னால் ஒரு வரிக் கதை இருந்தால் தோற்ற அணிக்கும் கையில் ஏதோ கிடைக்கிறது.

கேள்விகள் தயாரானதும் போட்டியில் இல்லாத ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்க்கவேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. ஒருவரும் விடை சொல்லாத கேள்வியை மாற்றவேண்டும். ஐவரும் சொல்லும் கேள்வியை முதலில் வைத்து, எல்லோரையும் சூடேற்றப் பயன்படுத்தலாம். எங்களுக்கு இந்தச் சோதனையில் அகப்பட்டது வேறொன்று. "தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி', அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' இரண்டுக்கும் பொதுவானது என்ன?" என்று கேட்டிருந்தோம். சிங்கள இயக்குநர்கள் தமிழில் எடுத்த படங்கள் என்பது நாங்கள் எதிர்பார்த்த விடை. சோதித்த ஐவரில் ஒருவர் "இரண்டும் யாழ்ப்பாணத்துக் கதை" என்று எழுதினார். அதுவும் சரிதான்! எம்.ஜி.ஆர். திரும்பி வந்துவிட்டார் என்று சிரித்தோம். "இவற்றின் இயக்குநர்களையும் படங்களின் மொழியையும் சேர்த்துப் பார்த்தால்" என்று கேள்வியை நெருக்கினோம்.

கேள்விகளைவிட நடத்தும் முறைதான் அதிக அநியாயம் செய்கிறது என்பது என் கருத்து. முதலாண்டில் அணிகளுக்கு முறை வைத்துக் கேட்டோம். எட்டு அணி, 24 கேள்வி என்றால் ஓர் அணிக்கு மூன்று கேள்விதான். அந்த மூன்றும் எளிதாக வாய்த்த அணி வென்றது. தெரியாத கேள்வி பக்கத்து அணிக்குப் போகும் என்ற விதியும் இருந்தது. அதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு: பலவீனமான அணிக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் அணிக்கு எப்போதும் கூடுதல் கேள்வி கிடைக்கும். அந்த அணி தன் அறிவால் முன்னேறுகிறதா, கதிரையால் முன்னேறுகிறதா என்று சொல்லமுடியாது. இரண்டாம் ஆண்டு முறையை ஒழித்தோம். எல்லாக் கேள்வியும் எல்லா அணிக்கும். தாளில் எழுதவேண்டும், பிறகு தாள்களை அணிகள் மாற்றித் திருத்தவேண்டும். தமிழ் எழுத்திலோ சிங்கள எழுத்திலோ எழுதலாம், உச்சரிப்பு விளங்கினால் போதும். கேள்விகள் இரு மொழியிலும் வாசிக்கப்பட்டன. மொத்தம் ஒரு மணித்தியாலம் கொஞ்சம் கூடப் போனது.

அணிகளை நண்பர்களாகச் சேரவிடாமல் நாங்களே பிரித்தோம். ஒவ்வொன்றிலும் இரு அறைகளிலிருந்தும் ஆட்கள், கூடியவரை ஒருவராவது ஐம்பது வயது தாண்டியவர். இதனால் எதிர்பாராமல் ஒன்று நடந்தது. படத்தின் கதையைச் சொல்லி மற்றவரிடம் பெயர் கேட்கவேண்டியிருந்ததால், வகுப்பில் பேசத் தயங்கியவர்கள்கூட அரைகுறைச் சிங்களத்திலும் அரைகுறைத் தமிழிலும் குசுகுசுத்தார்கள். ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. பேனையைப் பிடித்திருப்பவர் சத்தமான ஆளாக இருந்தால் மெதுவாகச் சொல்பவரின் சரியான விடை தாளுக்கு வருவதில்லை. ஆறு கேள்விக்கு ஒருமுறை பேனை கைமாறவேண்டும் என்று விதி போட்டது ஓரளவு உதவியது.

இன்னொன்றையும் எழுதவேண்டும். முதலாண்டில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்திலிருந்து ஒரு காட்சியைத் திரையில் ஓடவிட்டு, படத்தின் பெயரைக் கேட்டோம். குண்டுச் சத்தம் வரும் காட்சி. சத்தம் நன்றாக வைத்திருந்தோம். கிளிநொச்சி அக்கா எழுந்து வெளியே போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்தச் சுற்று முடியும்வரை அவர் வரவில்லை. பின்வரிசையில் இருந்த சிங்கள உத்தியோகத்தர் ஒருவர், இராணுவத்தில் இருந்து விலகி வந்தவர், அவரும் தலையைக் குனிந்தபடியே இருந்தார் என்று பிறகு ஒருவர் சொன்னார். யாரிடமும் நாங்கள் கேட்கவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. அடுத்த ஆண்டு, துண்டுக் காட்சிகளில் வெடிச்சத்தம், ஹெலிக்கொப்டர், ஓடும் சனம் எதுவும் வராமல் ஒவ்வொன்றையும் முழுதாகப் பார்த்துத்தான் சேர்த்தோம். போர் பற்றிய படங்களை விலக்கவில்லை. 'இனி அவன்', பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' இரண்டும் தாளில் இருந்தன. அவற்றைச் சொல்லால் மட்டும் கேட்டோம். காட்சிக்குப் பதிலாகப் பாடலின் முன்னிசை பத்து வினாடி போதும் என்று வைத்தோம். அந்தச் சுற்றில் அக்காவின் அணி நான்கில் நான்கும் எடுத்தது.

முடிந்ததும் தாள்களை எறியாமல் ஒவ்வொரு கேள்விக்கும் எட்டு அணிகளில் எத்தனை சரி என்று எண்ணினேன். மூன்று கேள்விக்கு எட்டு அணியும் சரி. இரண்டுக்கு ஒன்றும் இல்லை. மற்றவை இடையில் பரவியிருந்தன. முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் ஒன்பது புள்ளி, முதலாண்டைப்போல் பாதி வழியிலேயே யாரும் கைவிடவில்லை.

யாரும் சொல்லாத இரண்டில் ஒன்று 'தோட்டக்காரி' பற்றியது. மலையகத்தின் பின்னணியில் வந்த படம். அறையில் பத்துப் பேருக்குமேல் தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்கள். அதனால் யாராவது சொல்வார்கள் என்று நம்பியிருந்தேன். பெயரைக்கூட ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. எப்படிக் கேள்விப்பட முடியும்? அந்தக் காலத்து இலங்கைத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றை இன்று பார்க்கவே வழியில்லை. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் எரிந்துபோயின. நியாயமான கேள்வி என்ற எங்கள் அளவுகோலின்படி அதை நீக்கவேண்டும். யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. மூவரும் பேசிப்பார்த்து, அதைப் புள்ளி இல்லாத கேள்வியாகத் தாளின் கடைசியில் வைத்துக்கொண்டோம். இந்த முறை அதைக் கேட்டதும், நாவலப்பிட்டிக்காரர் தன் அம்மாவிடம் கேட்டுவருவதாகச் சொல்லி அந்தப் பெயரைக் கையில் எழுதிக்கொண்டு போனார்.